பனிக்கால அரிப்பு: முதுகையும் ஒருமுறை பாருங்கள்

ஊட்டியில் உறைபனி விழும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, முதியவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தோல் வறண்டு, காய்ந்த குளத்துச் சேறுபோலப் பாளம் பாளமாக வெடிக்கும். வயதாக ஆகத் தோலில் எண்ணெய்ப் பசை குறைகிறது. குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. கணப்பின் அருகே உட்கார்ந்தால் இருக்கிற ஈரமும் போய்விடும்.

சுடுநீரும் தைலமும்

குளிருக்கு இதமாக ஆவி பறக்கும் வெந்நீரில் குளித்து, உடம்பெல்லாம் சோப்பு தேய்ப்பதுதான் பெரிய கெடுதல். மிச்சமிருக்கும் பசையையும் அது கரைத்துவிடும். அரிக்கும் இடத்தில் நீலகிரி தைலம் தடவும் பழக்கமும் மலையில் உண்டு. சற்று நேரம் குளிர்ச்சியாக இருப்பதால் சுகம் தெரியும். ஆனால் வெடித்த தோலை அது புண்ணாக்கும்.

வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளிக்கட்டும். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும் போதும். துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் வாசலின் தடவ வேண்டும். இரவில் இன்னொரு முறை. பாதத்தில் தடவினால் வழுக்கும், காலுறை போடுங்கள். வாசலின் ஊறிய துணி சட்டெனத் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பையும் கணப்பையும் நெருங்கக் கூடாது.

இரண்டு வாரத்துக்குப் பிறகு

தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற எழுபது வயதுப் பாட்டி ஒருவரை நினைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் இப்படிச் செய்ததில் கால் வெடிப்பு ஆறிவிட்டது. ஆனாலும் உள்ளங்கையும் பாதமும் இரவில் அரித்துத் தூக்கம் கெடுகிறது. மகள் முதுகைப் பார்க்கிறாள். கை எட்டும் இடமெல்லாம் நகக்கீறல். எட்டாத நடு முதுகில் தோல் சுத்தமாக இருக்கிறது. அப்படியானால் கீறல்கள் சொறிந்ததால் வந்தவை, அரிப்புக்குக் காரணம் தோலில் இல்லாமல் உடம்புக்குள் இருக்கலாம். சிறுநீர் அடர்நிறமாகவும் மலம் வெளுத்தும் போகிறதென்றால், பித்தநீர் அடைபட்டிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கண் மஞ்சளாகும்வரை காத்திருக்கக் கூடாது.

சிறுநீரகம் பழுதானாலும், தைராய்டு கெட்டாலும், இரும்புச்சத்து குறைந்தாலும் இப்படி அரிக்கலாம். எடை குறைந்து, இரவில் உடை நனைய வியர்த்து, கழுத்திலோ அக்குளிலோ கட்டி தென்பட்டால் நிணநீர்ப் புற்றுநோயா என்று பார்த்தாக வேண்டும். வயதானவர்களுக்குப் பெரிய கொப்புளங்கள் வரும் ஒரு நோயும் உண்டு. கொப்புளம் எழுவதற்குப் பல வாரங்கள் முன்பே அரிப்பு தொடங்கிவிடும்.

வீட்டில் இன்னொருவருக்கும் அரித்து, விரலிடுக்கில் சிறு பருக்கள் இருந்தால் அது பெரும்பாலும் சிரங்கு. அதற்கு வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது

ரத்த அணுக்கள், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்து ஆகியவற்றை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; சில மாத்திரைகளே அரிப்பைத் தரும். அதற்காக மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம். தூக்கம் வரட்டும் என்று அரிப்பு மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கித் தருவதும் வேண்டாம். முதியவர்களுக்கு அதில் தலைசுற்றும், சிறுநீர் அடைக்கும், இரவில் எழுந்து நடக்கையில் விழுந்துவிடுவார்கள்.