இரவு ஊசி: பயப்பட என்ன இருக்கிறது?

"பேசல் இன்சுலின் 10 யூனிட், படுக்கும் முன். மூன்று நாளுக்கொரு முறை 2 யூனிட் கூட்டவும்." மருத்துவர் எழுதிய இந்தக் குறிப்பைப் படித்தால் மிரட்சிதான் வரும். விஷயம் எளிது. தினமும் இரவு ஒரே நேரத்தில் ஓர் ஊசி. காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்து எழுதி வையுங்கள். 130-க்கு மேலேயே நின்றால், மருத்துவர் சொன்னபடி 12, பிறகு 14 என்று அளவு ஏறும். நோய் முற்றிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. உங்கள் உடம்புக்குரிய அளவைத் தேடுகிறோம், அவ்வளவுதான்.

பேனா ஊசியின் நீளம் 4 மில்லிமீட்டர்தான். வயிற்றில், தொப்புளைவிட்டுத் தள்ளி, தினமும் இடம் மாற்றிப் போடுங்கள். அழுத்தியபின் பத்து எண்ணிவிட்டு எடுங்கள்.

கைநடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி வந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்.