ஏலச் சுத்தி விழும் வரை

குனோங் ராபாட்டில் ஒரு டெரஸ் வீடு. வங்கிக் கடன் பாக்கி 1,70,000 ரிங்கிட். வேலை போனதும் தவணை நின்றுவிட்டது. இது விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட கணக்கு, நடைமுறை உண்மையானது.

முதலிரண்டு மாதம் தொலைபேசி அழைப்பும் கடிதமும் வரும். மூன்று மாதத் தவணை நிலுவையானால் வங்கி அதை வாராக்கடனாகக் கணக்கிட்டு, முழுப் பாக்கியையும் கேட்டு வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்பும். அடுத்து வருவது தேசிய நிலச் சட்டத்தின் 16டி நோட்டிஸ். கடன் ஒப்பந்தத்தைப் பொறுத்து 16இ-யாகவும் இருக்கலாம். வழக்கமாக ஒரு மாத அவகாசம் தருவார்கள். இதைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பதுதான் பலரும் செய்யும் பெரும் பிழை.

அவகாசம் முடிந்தால் வழக்கு எங்கே போகும் என்பதை வீட்டு கிராண்ட்தான் தீர்மானிக்கிறது. அதில் ‘பஜாக்கான் நெகிரி’ என்றிருந்தால் ஈப்போ உயர்நீதிமன்றம்; ‘பஜாக்கான் முக்கிம்’ என்றிருந்தால் பத்துகாஜாவிலுள்ள கிந்தா நில அலுவலகத்தில் விசாரணை. தனி கிராண்ட் இன்னும் வராத வீடு என்றால், உரிமை மாற்று ஒப்பந்தத்தின்படி வங்கியே ஏலத்துக்கு ஏற்பாடு செய்யலாம்.

விசாரணையில் “பிள்ளைகள் படிக்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள்” என்று கேட்பது இயல்பு. ஆனால் கஷ்டம் மட்டுமே விற்பனையைத் தடுக்கும் காரணமாகாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நோட்டிஸ் முறைப்படி தரப்படவில்லை என்பது போன்ற சட்டக் குறை இருந்தால் மட்டுமே வாதாட இடமுண்டு. ஆகவே பேச்சுவார்த்தைக்கு ஏற்ற காலம் விற்பனை உத்தரவுக்கு முந்திய மாதங்களே. பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே, கடனாளிக்காக வங்கியுடன் பேசித் தவணையைச் சீரமைக்கக் கட்டணம் வாங்குவதில்லை. முதல் கடிதம் வந்ததுமே அங்கு போய்விட வேண்டும்.

உத்தரவு பிறந்து குறைந்தது ஒரு மாதம் கழித்தே லெலோங் நடக்கும். நம் வீட்டின் ஒதுக்கு விலை 2,20,000 என்று வைத்துக்கொள்வோம். ஆளே வரவில்லையென்றால் அடுத்த ஏலத்தில் வழக்கமாகப் பத்து விழுக்காடு குறைப்பார்கள்: 1,98,000, பிறகு 1,78,200. இதற்கிடையே வட்டியும் செலவும் ஏறிக் கடன் 1,85,000 ஆகியிருக்கும். ஏலம் முடிவதற்குள் உத்தரவில் கண்ட தொகையைச் செலவோடு கட்டினால் விற்பனை நின்றுவிடும். தேசிய நிலச் சட்டத்தின் 266-ஆவது பிரிவு தரும் உரிமை அது. வாங்க ஆள் கிடைத்தால், வங்கியின் சம்மதத்தோடு ஏலத்துக்கு முன்பே சந்தை விலைக்கு விற்றுக் கடனை அடைப்பது இதனினும் மேல்.

மூன்றாம் ஏலத்தில் 1,78,200-க்குப் போனால், நிலவரியும் ஈப்போ மாநகர் மன்ற வரியும் முதலில் கழியும். வரிப் பாக்கி 1,200 என்றால் வங்கிக்கு 1,77,000. மீதி 8,000-ஐக் கடனாளிதான் கட்ட வேண்டும். வீடு போன பிறகும் அதற்காக வங்கி வழக்குப் போடலாம்; ஜாமீன் நின்றவரிடமும் கேட்கலாம்.