மொட்டை போடுவதற்கு முன் எடுக்க வேண்டியவை

பத்துப் பக்கத் திரைக்கதை. எட்டாவது காட்சியில் ஒரு வரி: பழனிக்குப் போய்த் திரும்பிய தாத்தா மொட்டைத் தலையோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறார். எழுதியவருக்கு அது ஐந்து விநாடி வேலை. மூன்று நாள் படப்பிடிப்பை எப்படி அடுக்குவது என்று உட்கார்ந்த எனக்கு, அந்த ஒரு வரிதான் ஒரு வார வேலை.

நான் உதவி இயக்குநராக இருந்த குறும்படம் அது. பேத்தி கைதவறி உடைத்துவிட்ட தாத்தாவின் ரேடியோவைப் பற்றிய கதை. நடிப்பவர்கள் நான்கே பேர்: தாத்தா, ஒன்பது வயதுப் பேத்தி, அவளுடைய அம்மா, ரேடியோ ரிப்பேர் கடைக்காரர். இடங்களும் நான்குதான்: ஒரு ஓட்டு வீடு, கடை, ஆற்றங்கரை, பஸ் ஸ்டாப். சின்னப் படம்தானே, எல்லாம் மனசிலேயே இருக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தோம். ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் மனசில் இருந்ததெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது தெரிந்தது.

தயாரிப்புக் குறிப்பு என்று நாங்கள் சொல்வது அந்தத் தாளைத்தான். எந்தக் காட்சி எந்த இடத்தில், யார் யார் இருக்கிறார்கள், கையில் என்ன பொருள், உடம்பில் என்ன உடை, எந்த நாளில் எந்த வரிசையில் எடுக்கப்போகிறோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை எழுதத் திரைக்கதையை மறுபடி வாசிக்க வேண்டும், இந்தத் தடவை கதையை மறந்துவிட்டு. பேத்தி அழுவது முக்கியமில்லை. அவள் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். நான் நடிகர்களைச் சிவப்பிலும், பொருட்களைப் பச்சையிலும், உடையை நீலத்திலும் அடிக்கோடிட்டுக்கொண்டே போவேன். பிறகு ஒவ்வொரு காட்சியின் நீளத்தையும் அளக்க வேண்டும். பக்கத்தை எட்டாகப் பிரித்து அளப்பது சினிமாக்காரர்கள் வழக்கம். தாத்தா ஆற்றங்கரையில் தனியே உட்கார்ந்திருக்கும் காட்சி எட்டில் மூன்று. கடைக்காரரோடு பேசுவது ஒன்றரைப் பக்கம். ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பார்கள். அது ஆங்கிலத் திரைக்கதையின் எழுத்துருவையும் ஓரத்தையும் வைத்து வந்த கணக்கு. தமிழில் அவரவர் விருப்பப்படி தட்டச்சு செய்வதால் அதை அப்படியே நம்ப முடியாது. வசனத்தை வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தைப் பார்ப்பதே மேல்.

அடுத்தது வரிசை. கதை நடக்கும் வரிசையில் யாரும் படம் எடுப்பதில்லை. ஓர் இடத்தில் விளக்கையும் கேமராவையும் இறக்கிவிட்டால், அந்த இடத்துக் காட்சிகளை மொத்தமாக முடித்துவிட்டுக் கிளம்புவதுதான் சிக்கனம். எங்கள் படத்தில் ஆறு காட்சிகள் வீட்டில்தான். ஒரே நாள் நெருக்கிப் பிடித்தால் வீட்டுக்காரருக்கும் நிம்மதி, நமக்கும் வாடகை மிச்சம். ஆனால் அந்த ஆறில் கடைசி இரண்டில் தாத்தாவுக்கு மொட்டை. மற்ற நான்கில் தலைநிறைய நரைமுடி. வீட்டை ஒரே மூச்சில் முடிக்க வேண்டுமானால் நடுவில் நாவிதரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டால் கடையிலும் ஆற்றங்கரையிலும் முடியோடு நிற்கத் தாத்தா இருக்க மாட்டார். இடம் ஒரு பக்கம் இழுக்க, தலை இன்னொரு பக்கம் இழுத்தது. தலைதான் ஜெயித்தது. வீட்டுக்கு இரண்டு தடவை போவது என்று முடிவாயிற்று.

இரண்டாவது கட்டு, குழந்தை. பதினான்கு வயதுக்குக் கீழுள்ளவர்களை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். 2017இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குறும்படம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்பவர்கள் உண்டு. கேட்காவிட்டாலும், ஆறாவது மணி நேரத்தில் ஒன்பது வயதுக் குழந்தையிடமிருந்து நடிப்பு வராது, கொட்டாவிதான் வரும்.

முதல் நாள் வீட்டில் எடுக்க வேண்டியவை நான்கே கால் பக்கம், எல்லாவற்றிலும் பேத்தி இருக்கிறாள். அதில் ஒன்று ராத்திரிக் காட்சி: எல்லோரும் தூங்கிய பிறகு அவள் உடைந்த ரேடியோவைப் பசை போட்டு ஒட்டப் பார்க்கிறாள். ராத்திரி வரை அவளை உட்கார்த்தி வைக்க முடியாது. அதனால் குறிப்பில் பொருட்கள் பத்தியில் ‘கறுப்புத் துணி, ஜன்னல் மூன்றுக்கும்’ என்று சேர்த்தோம். பகல் பன்னிரண்டு மணிக்கு ஜன்னலை அடைத்து, உள்ளே ஒரு சின்ன விளக்கு வைத்தால் அது ராத்திரிதான். குழந்தையின் முகம் தெரியும் ஷாட்களையெல்லாம் முதலில் முடித்து அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அம்மா திட்டும் பக்கத்தைப் பிற்பகலில் எடுத்தோம். எதிரே பேத்தி இல்லை; அவள் கண் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டில் ஒட்டிய டேப்பைப் பார்த்துத்தான் அந்த அம்மா அவ்வளவு கோபப்பட்டார்.

தோசைக் காட்சியும் அன்றைக்குத்தான். மூன்று கோணம், ஒவ்வொன்றுக்கும் நான்கு டேக் என்று வைத்தால் பன்னிரண்டு தடவை அவள் தட்டில் தோசை புதிதாக இருக்க வேண்டும். ‘தோசை’ என்று மட்டும் எழுதினால் ஒரு தட்டு வரும். ‘தோசை 15, ஒரே அளவில், சட்னி தனியாக’ என்று எழுத வேண்டும். ஐந்தாவது தோசைக்கு மேல் எந்தக் குழந்தையும் ஆசையாகச் சாப்பிடாது என்பதால் அவள் பக்கத்துக் கோணம் முதலில்.

இரண்டாம் நாள் குறிப்பு இப்படி இருந்தது:

‘நாள் 2, சனி. ரேடியோ கடை, பிறகு ஆற்றங்கரை.
காட்சி 7: பகல், பேத்தி, கடைக்காரர். கதைநாள் 2. பள்ளிச் சீருடை, சிவப்பு ரிப்பன். மண் உண்டியல், சில்லறை, துணிப்பை.
காட்சி 3: பகல், தாத்தா, கடைக்காரர். கதைநாள் 1. வேட்டி, பனியன், துண்டு. உடைந்த ரேடியோ, ஸ்க்ரூ டிரைவர்.
காட்சி 4: அந்தி, தாத்தா. கதைநாள் 1. அதே உடை, துண்டு தலையில். உடைந்த ரேடியோ.’

இதில் ‘கதைநாள்’ என்பதைக் கவனிக்க வேண்டும். உடைப் பட்டியலில் புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். படப்பிடிப்பின் இரண்டாம் நாள் வேறு, கதையின் இரண்டாம் நாள் வேறு. பேத்தி தோசை சாப்பிடுவதும் உண்டியல் காசோடு கடைக்குப் போவதும் கதையில் ஒரே காலை. எடுத்ததோ வெவ்வேறு நாளில். நடுவில் அந்தச் சீருடையைத் துவைத்துவிட்டால் சட்னிக் கறை போய்விடும். உடையைக் கதைநாள்படி எழுதி, எடுக்கும்போது படப்பிடிப்பு நாள்படி படிக்க வேண்டும்.

துண்டு தலைக்கு ஏறியதற்கும் காரணம் இருக்கிறது. நம் ஊரில் சூரியன் மறைந்தபின் நல்ல வெளிச்சம் இருபது நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மேகம் மூடினால் அதுவும் இல்லை. அந்தி கெட்டுப்போய், மறுநாள் விடியலில் மொட்டையும் போட்டுவிட்டால், அந்தக் காட்சி போனதுதான். ஆனால் தாத்தா துண்டை முண்டாசாகக் கட்டியிருந்தால் மொட்டைக்குப் பிறகும் அதை எடுக்கலாம். ஆற்றங்கரைக் காற்றில் ஒரு கிழவர் முண்டாசு கட்டிக்கொள்வதை யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்? வரிசையில் இருந்த ஓட்டையை உடைப் பத்தி அடைத்தது. அதிர்ஷ்டவசமாக அன்று வானம் தெளிவாகவே இருந்தது.

இவ்வளவு யோசித்தும் ஓர் இடத்தில் கோட்டை விட்டேன். மேலே உள்ள குறிப்பை இன்னொரு தடவை பாருங்கள்: ‘உடைந்த ரேடியோ.’ கதைப்படி மூன்றாம் காட்சியில் கடைக்காரர் அதைத் திறந்து பார்த்துக் கையை விரிக்கிறார். ஐந்தாம் காட்சியில்தான் பேத்தி பசை போடுகிறாள். ஆனால் ஐந்தை முதல் நாளே எடுத்துவிட்டோமே! இரண்டாம் நாள் கடை மேஜையில் இருந்த ரேடியோவின் விரிசலில் காய்ந்த பசை வெள்ளையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் பார்க்கவில்லை. எடிட்டிங்கில்தான் தெரிந்தது, அதுவும் க்ளோசப்பில். அந்த ஷாட்டைத் தூக்கிவிட்டு, கடைக்காரர் முகத்தையே வைத்து ஒப்பேற்றினோம்.

அதற்குப் பிறகு நிலை மாறும் எந்தப் பொருளையும் நான் ஒரே பெயரில் எழுதுவதில்லை. ரேடியோ 1 முழுசு. ரேடியோ 2 விரிசல் மட்டும். ரேடியோ 3 பசையோடு. ரேடியோ 4 கறுப்பு டேப் சுற்றி ரிப்பேர் ஆனது. கீழே விழும் ஷாட்டுக்கு உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடு தனியாக இரண்டு. பழைய சாமான் கடையில் ஒரே மாடலில் ஆறு தேடுவது கஷ்டம்தான். கிடைக்காவிட்டால் வரிசையை மாற்ற வேண்டும்: ஒரே ஒரு ரேடியோதான் இருக்கிறது என்றால், அது கதையில் கெடுகிற வரிசையிலேயே அதன் காட்சிகளை எடுத்தாக வேண்டும். மொட்டைக்கும் அதே விதிதான். திரும்பி வராத மாற்றம் எதுவோ, அதுதான் வரிசையைத் தீர்மானிக்கிறது.

மூன்றாம் நாளுக்கு இரண்டரைப் பக்கம்தான் வைத்தேன். சோம்பலால் அல்ல. பஸ் ஸ்டாப் நம் கட்டுப்பாட்டில் இருக்காது. முதல் இரண்டு நாளில் விட்டுப்போனதற்கும் இடம் வேண்டும். கூட்டம் சேர்வதற்கு முன் காலையிலேயே பஸ் ஸ்டாப், பிறகு திண்ணையில் வெயில் ஏறுமுன் கடைசிக் காட்சி, அதன்பின் ஜன்னலை மூடிவிட்டு ராத்திரிக் காட்சி. மொட்டைத் தலைச் சந்தனத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது: பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஈரமாக, திண்ணையில் இல்லை, ராத்திரியில் காய்ந்து உதிர்ந்தபடி. எடுக்கும் வரிசையில் நடுவில் கழுவி, மறுபடி பூச வேண்டும். அதனால் ‘போனில் படம் எடுத்து வைக்கவும்’ என்றும் சேர்த்தோம்.

இரண்டாம் நாள் ராத்திரி, ஆற்றங்கரையிலிருந்து வந்ததும் அதுவரை எடுத்ததையெல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, காட்சி வாரியாக ஓட்டிப் பார்த்தோம். தாத்தா முடியோடு இருக்கும் காட்சிகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். (பசை அப்போதும் என் கண்ணில் படவில்லை. நான் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.) விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டுத் திண்ணையில் நாவிதர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருக்க, தாத்தா தலையில் தண்ணீர் தெளித்தபடி என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“எல்லாம் எடுத்தாச்சா தம்பி? நல்லா பாத்துக்கோங்க.”

“எடுத்தாச்சுங்கய்யா” என்றேன். சொல்லிவிட்டுத் தாளை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தேன். அதற்குப் பிறகுதான் நாவிதருக்குத் தலையசைத்தேன்.