800 ரிங்கிட் எங்கே போனது?

ரவாங்கில் எங்கள் வட்டாரச் சங்கத்தின் பொருளாளர் கடந்த ஜூலையில் ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டார். ஜூன் 30ஆம் தேதி அவருடைய கணக்கேட்டின்படி வங்கியில் 4,820 ரிங்கிட் இருக்க வேண்டும். வங்கி அனுப்பிய அறிக்கையிலோ 4,020தான் இருந்தது. “மீதி 800 எங்கே?” என்று செயலவைக் கூட்டத்தில் ஒருவர் கேட்க, மற்றவர்கள் பேசாமல் பொருளாளரைப் பார்த்தார்கள். நான் கணக்கியல் படிக்கிறேன் என்பதால், “தம்பி, நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா” என்று எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்தார்.

எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிரின்சிப் பெராகாவ்னான் எடுப்பவர்களுக்கு ‘பென்யாத்தா பென்யெசுவாயான் பேங்க்’ தெரிந்திருக்கும். தமிழில் வங்கிச் சரிகட்டும் பட்டியல். காசோலை எழுதும் நடப்புக் கணக்குக்கு மாதாந்திர அறிக்கைதான் வரும்.

ஒரே பணத்தை இருவர் இரண்டு இடங்களில் எழுதுகிறார்கள். நாம் காசோலை எழுதிய அன்றே அடிக்கட்டையைப் பார்த்துக் கணக்கேட்டில் கழித்துவிடுகிறோம். வாங்கியவர் அதைத் தம் வங்கியில் போட்ட பிறகுதான் நம் வங்கிக்கு அது தெரியவரும். ஆகவே வித்தியாசத்தைக் கண்டதும் கேட்க வேண்டிய கேள்வி, ‘யார் எடுத்தது?’ அல்ல, ‘யாருக்கு எது இன்னும் தெரியாது?’ என்பதே.

முதலில் வங்கிக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதவற்றைத் தேடினேன். அறிக்கையை வரி வரியாகக் கணக்கேட்டோடு ஒப்பிட்டு, இரண்டிலும் இருப்பதற்கெல்லாம் பென்சிலால் குறியிட்டேன். அறிக்கையில் மூன்று வரிகள் குறியில்லாமல் நின்றன. ஓர் உறுப்பினர் 150 ரிங்கிட் சந்தாவை டுயிட்நவ் மூலம் நேராகக் கணக்கில் போட்டிருந்தார். வங்கி 10 ரிங்கிட் சேவைக் கட்டணம் பிடித்திருந்தது. ஒருவர் நன்கொடையாகக் கொடுத்த 300 ரிங்கிட் காசோலை பணமில்லாமல் திரும்பிவிட்டது. இவை உண்மையிலேயே நடந்தவை. நம் ஏட்டில் ஏறாதவை. எனவே ஏட்டைத் திருத்தியாக வேண்டும். 4,820உடன் 150ஐக் கூட்டி, 10ஐயும் 300ஐயும் கழித்தால் 4,660. சரியான இருப்பு இதுதான்.

இந்த இடத்தில் பலருக்கு ஒரு குழப்பம் வரும். திரும்பிய காசோலை வங்கி அறிக்கையில் டெபிட் பக்கம் இருக்கும். நம் ஏட்டிலோ அதைக் கிரெடிட் பக்கம் எழுத வேண்டும். வங்கியில் உள்ள பணம் நமக்குச் சொத்து, வங்கிக்கோ அது நமக்குத் தர வேண்டிய கடன். அதனால்தான் பக்கங்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறி நிற்கின்றன.

அடுத்து, நமக்குத் தெரிந்து வங்கிக்கு இன்னும் தெரியாதவை. விருந்து நிகழ்ச்சிக்குக் கிடைத்த காசோலைகள், மொத்தம் 1,500 ரிங்கிட், ஜூன் 30 ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தில் போடப்பட்டன. அன்றே ஏட்டில் எழுதியாகிவிட்டது; வங்கியில் சேரவில்லை. கூடாரம் வாடகைக்குக் கொடுத்தவருக்கு எழுதிய 720 ரிங்கிட் காசோலையும், அச்சகத்துக்கு எழுதிய 140 ரிங்கிட் காசோலையும் இன்னும் வங்கிக்கு வரவில்லை. இவற்றுக்காக ஏட்டைத் தொடக்கூடாது, அதில் ஏற்கெனவே சரியாக இருக்கின்றன. பட்டியலில்தான் காட்ட வேண்டும். வங்கி இருப்பு 4,020உடன் 1,500ஐக் கூட்டி, 720ஐயும் 140ஐயும் கழித்தால் அதே 4,660.

தேர்வில் விடை இதோடு முடிந்துவிடும். சங்கத்தில் முடியாது. ‘இன்னும் வங்கியில் சேராத பணம்’ என்று எழுதும் வரிதான் பணத்தைக் கையாடியவருக்கும் வசதியான மறைவிடம். போடாத பணத்தைப் போட்டதாக எழுதினாலும் பட்டியல் அழகாகச் சரியாகிவிடும். ஆகவே அடுத்த மாத அறிக்கையின் முதல் வரிகளைப் பார்க்க வேண்டும். பொருளாளர் வங்கியின் இணையச் சேவையைத் திறந்து காட்டினார்: ஜூலை 2, செவ்வாய்க்கிழமை, 1,500 ரிங்கிட் வரவு. கேள்வி கேட்டவரும் எட்டிப் பார்த்தார். அந்த வரி ஜூலை 20இல் வந்திருந்தால் நானே அவரிடம் சில கேள்விகள் கேட்டிருப்பேன்.

ஆனால் எந்தப் பட்டியலும் காட்டாத ஒன்று உண்டு. ஏட்டிலும் ஏறாமல், வங்கிக்கும் போகாமல் சட்டைப்பையோடு போன ரொக்கம் இரண்டு பக்கத்திலும் இருக்காது. அதைப் பிடிக்க ரசீதுப் புத்தகத்தின் எண்களைத்தான் வரிசையாகப் பார்க்க வேண்டும். அன்று அதையும் பார்த்தோம். எண் எதுவும் விடுபடவில்லை.

பாக்கி நின்றது அந்த 140 ரிங்கிட் காசோலை. அது பிப்ரவரியில் எழுதியது. ஆறு மாதம் கடந்த காசோலையை வங்கி ஏற்காது, ஆகஸ்ட்டில் காலாவதியாகிவிடும். அச்சகத்துக்கு அழைத்துக் கேட்டபோது, காசோலை கிடைக்கவே இல்லை என்றார்கள். பழையதை நிறுத்தும்படி வங்கிக்கு எழுதிக் கொடுத்து, 140ஐ ஏட்டில் திரும்ப வரவு வைத்து, புதிய காசோலை எழுதினோம்.