லாரியில் இருக்கும் சரக்கு யார் கணக்கில்?

மதுரை குடோனிலிருந்து திருநெல்வேலிக் கிளைக்கு 40 மிக்ஸி கிளம்புகிறது. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று லாரி போய்ச் சேர மூன்று நான்கு மணி நேரமாவது ஆகும். நடுவில் வேறு கிளைக்குச் சரக்கு இறக்கினால் இன்னும் கூடும். ராத்திரி கிளம்பினால் மறுநாள் காலையில் கடை திறந்த பிறகுதான் இறக்குவார்கள். அதுவரை அந்த 40 மிக்ஸி எந்தக் கடையின் இருப்பு?

இரண்டு மூன்று கிளை வைத்திருக்கும் பல கடைகளில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. மதுரையில் கம்ப்யூட்டர் முன் இருப்பவர் ஒரே என்ட்ரியில் மதுரையில் 40 கழித்து, திருநெல்வேலியில் 40 ஏற்றிவிடுகிறார். சரக்கு இன்னும் லாரியில் ஏறவில்லை. திருநெல்வேலி கம்ப்யூட்டரோ ஸ்டாக் இருப்பதாகச் சொல்கிறது. அங்கே விற்பனையில் நிற்கும் பையன் அதைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளரிடம் பணம் வாங்கி பில் போட்டுவிடுகிறான். பிறகு உள்ளே போய்த் தேடினால் பெட்டி இல்லை.

பில் தகராறோடு இது முடிந்தால் பரவாயில்லை. மறுநாள் 39 பெட்டிதான் வந்து இறங்கியது என்று வையுங்கள். கணக்கில் ஏற்கெனவே 40 ஏறிவிட்டதால், குறைந்த அந்த ஒன்று இப்போது திருநெல்வேலிக் கிளையின் குறைவு. மாதங்கள் கழித்து ஸ்டாக் எண்ணும்போதுதான் அது வெளியே வரும். அதற்குள் அது வழியில் தொலைந்ததா, கடையில் களவு போனதா, மதுரையில் ஏற்றாமலே விட்டார்களா என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு படியில் ஒரு மாற்றம்

இதற்கான மருந்து, அனுப்புவதையும் பெறுவதையும் தனித்தனி என்ட்ரியாக்குவது. நடுவில் மூன்றாவதாக ஒரு இருப்பிடம் இருக்கும். டிரான்சிட், வழிச்சரக்கு என்று எப்படி வேண்டுமானாலும் அதற்குப் பெயர் வைக்கலாம். கணக்கைப் பொறுத்தவரை அதுவும் ஒரு குடோன்தான். சுவரும் பூட்டும் கிடையாது, அங்கிருந்து யாரும் பில் போட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் 40 மிக்ஸியை எடுத்துக்கொள்வோம். மதுரையில் 100 இருக்கிறது, திருநெல்வேலியில் 6. திருநெல்வேலி மேனேஜர் 40 கேட்டு ஆர்டர் போடுகிறார். மதுரை அதை ஒப்புக்கொண்டதும் 40 ஒதுக்கப்படுகிறது. அங்கே இருப்பு இன்னும் 100தான். ஆனால் மற்றவர்களுக்குக் கொடுக்கக்கூடியது 60. இந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால், லாரி வருவதற்குள் அதே பெட்டிகளை இன்னொரு கிளைக்கும் வாக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மாலையில் பெட்டிகளை ஏற்றும்போது ஒவ்வொன்றின் சீரியல் எண்ணையும் ஸ்கேன் செய்கிறார்கள். 40 முடிந்ததும் டிஸ்பாட்ச் என்ட்ரி. இப்போது மதுரை 60, வழியில் 40, திருநெல்வேலி 6. மொத்தம் அதே 106. நிறுவனத்தின் சரக்கு ஒன்றுகூடக் குறையவில்லை, கூடவில்லை.

வழியில் இருக்கும் 40 திருநெல்வேலியின் திரையில் ‘வரவேண்டியது’ என்று தெரியும். இதில் இரண்டு லாபம். ஒன்று, பில் போட முடியாது. ஆனால் வாடிக்கையாளரிடம் நாளை வருகிறது என்று நம்பிச் சொல்லலாம். இன்னொன்று, ஸ்டாக் 6க்கு வந்துவிட்டதே என்று மேனேஜர் மறுபடி ஒரு 40 கேட்க மாட்டார். வருவது தெரியாமல் இரட்டை ஆர்டர் போட்டு, ஒரே மாடல் குவிந்துகிடக்கும் கிளைகள் நிறைய உண்டு.

பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்.ஏ.பி.யில் இது நெடுங்காலமாக இருக்கும் ஏற்பாடு. அங்கே ஸ்டாக் டிரான்ஸ்போர்ட் ஆர்டர் மூலம் அனுப்பினால், வழியில் இருக்கும் சரக்கு பெறும் கிளையின் பெயரில் நிற்கும். சிறு நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும் இ.ஆர்.பி. நெக்ஸ்ட்டில், அனுப்பும் என்ட்ரியில் Add to Transit என்பதை டிக் செய்தால் சரக்கு இடைக் குடோனுக்குப் போகும். சேர்ந்த இடத்தில் End Transit அழுத்தினால்தான் கிளைக்குள் வரும். எந்த மென்பொருளானாலும் இதன் உயிர் இரண்டாவது அழுத்தலில் இருக்கிறது. அதைப் பெறுபவர்தான் அழுத்த வேண்டும்.

லாரியோடு போகும் தாள்

இரண்டு கிளைக்கும் ஒரே ஜி.எஸ்.டி. எண் என்றால் இது விற்பனை ஆகாது, வரி கிடையாது. இன்வாய்ஸுக்குப் பதில் டெலிவரி சலான் மூன்று பிரதி போட வேண்டும்: ஒன்று பெறுபவருக்கு, ஒன்று வண்டிக்கு, ஒன்று அனுப்பியவருக்கு. விற்பனை இல்லை என்பதற்காக இ-வே பில் தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அது வேண்டும். நம் மிக்ஸி ஒன்று 3,200 ரூபாய் என்றால் 40க்கு 1,28,000. ஆகவே வேண்டும். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி என்பதால், மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு நாள் கணக்கு.

திருவனந்தபுரத்தில் ஒரு கிளை இருந்தால் கதை வேறு. வேறு மாநிலம் என்றால் வேறு ஜி.எஸ்.டி. எண், சொந்தக் கிளையே ஆனாலும் சட்டத்தின் பார்வையில் வேறு ஆள். காசு கைமாறாவிட்டாலும் இன்வாய்ஸ் போட்டு வரி கட்ட வேண்டும். எனவே ஆர்டர் போடும்போதே கிளையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் பார்த்து, சலானா இன்வாய்ஸா என்று மென்பொருள் பிரித்துவிடுவது நல்லது.

எண்ணாமல் போடும் கையெழுத்து

மறுநாள் காலை திருநெல்வேலியில் பெட்டிகள் இறங்குகின்றன. ஸ்கேன் செய்தால் 39. அதில் ஒன்று மூலை நசுங்கி, உள்ளே ஜார் உடைந்திருக்கிறது. இப்போது செய்ய வேண்டிய என்ட்ரி: நல்லது 38, சேதம் 1. இருப்பு 6 இப்போது 44 ஆகிறது. உடைந்தது ‘சேதம்’ என்ற தனி இடத்துக்குப் போகிறது, பில்லில் வராது. வராத அந்த ஒரு மிக்ஸி வழிச்சரக்கிலேயே நிற்கிறது. 38, 1, 1. அனுப்பிய 40க்கும் பதில் இருக்கிறது.

நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், மதுரையிலிருந்து போன் வரும். “அண்ணே, சரக்கு வந்துருச்சுல்ல? அப்படியே ரிசீவ் போட்டுருங்க, இங்க ஆர்டர் ஓப்பன்லயே நிக்குது.” காலை நேர வியாபாரத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் மேனேஜர், “போட்டுர்றேன் தம்பி” என்று திரையில் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் 40ஐ அப்படியே உறுதி செய்துவிடுவார். அந்த நொடியில் இரண்டு படி முறை பழைய ஒரு படி முறையாகிவிடுகிறது.

இதைத் தடுக்க விவரமான கடைகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. பெறுபவரின் திரையில் அனுப்பிய எண்ணிக்கையைக் காட்டுவதில்லை. கட்டங்கள் காலியாக இருக்கும். எண்ணித்தான் போட வேண்டும். அவர் போட்டு முடித்த பிறகு மென்பொருள் இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் காட்டும். கூடவே, டிஸ்பாட்ச் போட்டவரின் லாகின் மூலம் ரிசீவ் போட முடியாதபடி பூட்டிவிடுகிறார்கள்.

அந்த ஒரு மிக்ஸி

வழிச்சரக்கில் நிற்கும் ஒன்றைத் தேடுவது சுலபம். ஏனென்றால் எந்தப் பெட்டி என்று தெரியும். மதுரையில் ஸ்கேன் ஆன 40 சீரியல் எண்களில் திருநெல்வேலியில் ஸ்கேன் ஆகாதது ஒன்றே ஒன்று. மதுரையில் ஸ்கேன் ஆகியிருப்பதால், ஏற்றுமிடத்துக்கு வந்தது உறுதி. முதலில் அங்கே பார்க்க வேண்டும். ஸ்கேன் செய்தபின் ஏற்றாமல் ஓரமாக வைத்த பெட்டி பல நேரம் அங்கேயே இருக்கும். அடுத்தது, அதே லாரி வழியில் எங்கெல்லாம் சரக்கு இறக்கியது என்பது.

இந்த லாரி விருதுநகர் கிளையிலும் 15 மிக்ஸி இறக்கியிருக்கிறது. அங்கே எண்ணியவர் 16 என்று போட்டிருக்கிறார். மென்பொருள் 15ஐ மட்டும் ஏற்று, கூடுதலாக ஒன்று என்று காட்டியிருக்கிறது. அதன் சீரியல் எண், திருநெல்வேலி ஆர்டரில் காணாமல் போன அதே எண்.

இங்கே ஒரு குறுக்கு வழி கண்ணைச் சிமிட்டும். விருதுநகரில் ஒன்றைக் கூட்டி, திருநெல்வேலி ஆர்டரில் ஒன்றை ‘தொலைந்தது’ என்று தள்ளிவிட்டால் மொத்தம் சரியாகிவிடும். ஆனால் தொலைந்த சரக்குக்கு, அதை வாங்கும்போது எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரிச் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். 3,200 ரூபாய் மிக்ஸிக்கு 18 சதவீதம் என்றால் 576 ரூபாய், தொலையாத பொருளுக்கு! சரியான வழி, அந்த ஒன்றை வழிச்சரக்கிலிருந்தே விருதுநகரில் பெற்றுக்கொள்வது. திருநெல்வேலிக்கு வேண்டும் என்றால் புதிய சலானில் அனுப்பலாம். நிஜமாகவே தொலைந்தது என்று தெரிந்த பிறகுதான், மேலே இருப்பவர் ஒருவரின் ஒப்புதலோடு இழப்பில் எழுத வேண்டும்.

பட்டியலைப் பார்ப்பது எப்படி

வழிச்சரக்கில் இருப்பவற்றை, எத்தனை நாளாக நிற்கிறது என்ற வரிசையில் வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது போதும். மதுரை–திருநெல்வேலி சரக்கு ஒரு நாள் நிற்பது இயல்பு. மூன்று நாள் ஆனால் போன் போட வேண்டும். மார்ச் 31 இரவு லாரியில் இருக்கும் சரக்குக்கு இந்தப் பட்டியல் இன்னும் முக்கியம். இரு கிளையிலும் ஸ்டாக் எண்ணுபவர்கள் கண்ணில் அது படாது. பட்டியலில் இருந்தால்தான் ஆண்டுக் கணக்கில் நிறுவனத்தின் சொத்தாக ஏறும்.

பழைய பாக்கி நிறைய நின்றால் ஏதோ கோளாறு என்று எல்லோருக்கும் புரியும். பட்டியல் எப்போது பார்த்தாலும் காலியாக இருந்தால் பல முதலாளிகள் சந்தோஷப்படுகிறார்கள். அப்போது டிஸ்பாட்ச் ஆன நேரத்தையும் ரிசீவ் ஆன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாலை 7.10க்கு மதுரையில் கிளம்பிய சரக்கு 7.14க்குத் திருநெல்வேலியில் பெறப்பட்டிருந்தால், அங்கே யாரும் எதையும் எண்ணவில்லை. கிளையின் பாஸ்வேர்டு குடோனில் இருக்கிறது என்று அர்த்தம்.