பழைய புதிர்ப்பெட்டியில் எத்தனை துண்டுகள்?

ஒரு ஜிக்சா புதிரோ பலகை விளையாட்டோ விற்பனைக்கு வரும்போதும், நூலகத்துக்குக் கொடையாகச் செல்லும்போதும் அதனுடன் ஒரு சிறு குறிப்பு எழுதப்படுகிறது. மொத்தத் துண்டுகள் எத்தனை, எத்தனை பேர் ஆடலாம், எந்த வயதினருக்கு உரியது, எவை காணவில்லை என்ற நான்கு செய்திகள் அதில் இடம்பெறும். முதல் மூன்றும் பெரும்பாலும் பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கும். நான்காவதை எண்ணித்தான் அறிய முடியும். அப்படி எண்ணும்போதும் பெட்டியில் உள்ள எண்ணை அப்படியே நம்பினால் கணக்குப் பிசகிவிடும்.

இதற்கு 1000 துண்டு ஜிக்சா நல்ல எடுத்துக்காட்டு. பல 1000 துண்டுப் புதிர்களில் துண்டுகள் சரியாக ஆயிரம் இருப்பதில்லை. படம் கட்டம் கட்டமாக வெட்டப்படும்போது நீளவாக்கில் 38, அகலவாக்கில் 27 என்று பிரிப்பது வழக்கமான ஓர் அமைப்பு. இரண்டையும் பெருக்கினால் 1026. அதேபோல் 500 துண்டுப் புதிரில் 27-ம் 19-ம் சேர்ந்து 513 ஆகும். பெட்டியில் முழு எண் மட்டுமே அச்சிடப்படும்.

இதனால் வரும் தவறு எளிதில் கண்ணில் படாது. ஒருவர் பழைய பெட்டியைத் திறந்து எண்ணுகிறார். 1003 துண்டுகள் இருக்கின்றன. ஆயிரத்துக்கு மேலேயே இருக்கிறது என்று “முழுமையானது” என எழுதிவிடுகிறார். உண்மையில் அதில் 23 துண்டுகள் குறைவு. எனவே முதலில் அறிய வேண்டியது கட்டத்தின் அளவு. ஓரத் துண்டுகளை மட்டும் பிரித்தெடுத்துச் சட்டத்தைப் பூர்த்தி செய்தால் அது தெரிந்துவிடும். மேல் விளிம்பில் 38, பக்க விளிம்பில் 27 என்று வந்தால் மொத்தம் 1026. மூலைத் துண்டுகள் இரு விளிம்புக்கும் பொதுவானவை என்பதால் சட்டத்தில் மட்டும் 126 துண்டுகள் இருக்கும். விளிம்பில் ஒன்றிரண்டு குறைந்தாலும் எதிர் விளிம்பைப் பார்த்து எண்ணிவிடலாம். வரிசையில்லாமல் தாறுமாறாக வெட்டப்பட்ட புதிர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

மீதித் துண்டுகளைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுவது வசதி. முன்பு கலைத்தவர் சரியாகப் பிரிக்காமல் விட்ட ஜோடித் துண்டுகள் ஒன்றாக எண்ணப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் உள்மடிப்பிலும் துண்டுகள் ஒளிந்திருக்கும். இவ்வளவு செய்தும் எண்ணிக்கை ஒரு மதிப்பீட்டைத்தான் தரும். வேறு புதிரின் இரண்டு துண்டுகள் கலந்திருந்து, சொந்தத் துண்டுகள் இரண்டு தொலைந்திருந்தால் கூட்டுத்தொகை சரியாகவே வரும். எவை இல்லை என்பதை உறுதியாகச் சொல்ல ஒரே வழி, படத்தை முழுவதும் அடுக்கிப் பார்ப்பதுதான். அடுக்கிய பிறகு ஓட்டை எங்கே என்பதைக் குறிப்பில் எழுதலாம். நீல வானத்தின் நடுவில் ஒன்று இல்லாததும் படத்தில் உள்ள முகத்தின் கண் இல்லாததும் எண்ணிக்கையில் ஒன்றே; வாங்குபவருக்கு அப்படியல்ல.

பலகை விளையாட்டில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. அங்கே எத்தனை தொலைந்தன என்பதைவிட எது தொலைந்தது என்பதே முக்கியம். ஆங்கில ஸ்கிராபிளில் 100 எழுத்துக் கட்டைகள் உண்டு. இவற்றில் ‘ஈ’ 12, ‘ஏ’, ‘ஐ’ இரண்டும் ஒன்பது ஒன்பது, ‘எஸ்’ 4. ‘கியூ’, ‘இசட்’, ‘எக்ஸ்’, ‘ஜே’, ‘கே’ ஆகியவை ஒவ்வொன்றே. எழுத்தில்லாத வெறுங்கட்டைகள் இரண்டு. ஒரு பழைய பெட்டியில் 98 கட்டைகளே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தால் ‘ஈ’ 11, ‘எஸ்’ 3 என்று வருகிறது. வீட்டில் ஆட இது பெரிய தடையல்ல. காணாமல் போனவை இரண்டு வெறுங்கட்டைகள் என்றால் ஆட்டத்தின் போக்கே மாறிவிடும். எந்த எழுத்தாகவும் பயன்படுத்தக்கூடிய கட்டைகள் அவை.

அடுக்கும்போது எதிர்பாராத மிகுதியும் ஏதோ ஒன்றைச் சொல்கிறது. வெறுங்கட்டைகள் மூன்று வந்தால், பெரும்பாலும் அவற்றில் ஒன்று அச்சு தேய்ந்துபோன எழுத்துக் கட்டையாக இருக்கும். எந்த எழுத்து குறைகிறது என்று பார்த்தால் அது எதுவென்று தெரிந்துவிடும். ‘ஈ’ 13 வந்தால் வேறொரு பெட்டியின் கட்டை கலந்திருக்கிறது. அதன் நிறமோ கனமோ சற்று வேறாக இருக்கும்; பைக்குள் கைவிட்டு எடுப்பவர் விரலாலேயே அதை அடையாளம் காணலாம் என்பதால் ஆட்டம் நியாயமாக நடக்காது. எந்த மொழிப் பதிப்பு என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். மொழிக்கு மொழி எழுத்துகளின் பங்கீடு மாறும்.

ஆடுவோர் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதும் பல சமயம் காய்களே. லூடோவில் நான்கு நிறங்கள், நிறத்துக்கு நான்கு காய்கள், ஆக 16. அவற்றில் நீலக் காய் ஒன்று தொலைந்து, அதற்கு ஈடாக வைக்க எதுவும் இல்லையென்றால், பெட்டியில் “2 முதல் 4 பேர்” என்று இருந்தாலும் அந்தப் பெட்டியைக் கொண்டு மூவர்தான் முறையாக ஆட முடியும். ஸ்கிராபிளும் 2 முதல் 4 பேருக்கானதே. அதில் கட்டைகளை நிறுத்தும் தாங்கி ஒன்று உடைந்தால் எண்ணிக்கை குறையாது, அட்டையை மடித்து வைத்தே ஆடிவிடலாம். ஜிக்சாவுக்கு இந்த எண் பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. அதற்குப் பதில் அடுக்கி முடித்த படத்தின் அளவைக் கொடுத்தால், எவ்வளவு பெரிய மேசை வேண்டும், எத்தனை பேர் சுற்றி உட்காரலாம் என்று படிப்பவரே புரிந்துகொள்வார்.

வயது எண்ணுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று பாதுகாப்பு, மற்றது திறன். பொம்மைகளுக்கான பாதுகாப்புத் தரநிலைகளில் சிறு பாகங்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை பயன்படுகிறது. அதனுள் முழுதாக அடங்கும் பொருள் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியதாகக் கருதப்படும். ஸ்கிராபிள் கட்டையும் லூடோ காயும் அதனுள் அடங்கிவிடும். எனவே பெட்டி தொலைந்து, வயது எண் தெரியாவிட்டாலும் “3 வயதுக்கு உட்பட்டோருக்கு ஏற்றதல்ல” என்று எழுதுவது அவசியம். திறனைப் பொறுத்தவரை ஊகிப்பதைவிட “ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டத் தெரிந்திருக்க வேண்டும்” என்பது போன்ற குறிப்பே தெளிவாக இருக்கும். “14+” என்ற எண்ணைக் கண்டதும் ஆட்டம் கடினமானது என்று முடிவு செய்யவும் கூடாது. இந்தியாவில் 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள பொம்மைத் தர ஆணை, 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொருட்களையே பொம்மை எனக் கொள்கிறது. அமெரிக்காவிலோ 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பொருட்களுக்குக் கட்டாயப் பரிசோதனை உண்டு. இத்தகைய எல்லைகளும் பெட்டியில் அச்சாகும் எண்ணைப் பாதிக்கின்றன.

மேலே கண்ட ஸ்கிராபிளுக்கான குறிப்பு இப்படி அமையலாம்: “ஆங்கிலப் பதிப்பு. 2–4 பேர். பெட்டியில் உள்ளபடி 8 வயதுக்கு மேல்; சிறு பாகங்கள் உள்ளன. கட்டைகள் 100-இல் 98. ஈ ஒன்று, எஸ் ஒன்று இல்லை. வெறுங்கட்டைகள் இரண்டும் உள்ளன. பலகை, 4 தாங்கிகள், பை உள்ளன. கட்டைகள் எழுத்துவாரியாகச் சரிபார்க்கப்பட்டன.” ஜிக்சாவானால் “அடுக்கிப் பார்த்தது; 1026-இல் 2 இல்லை, இரண்டும் மேல் வலப்புற வானத்தில்” என்றோ, அடுக்காவிட்டால் “எண்ணியது மட்டுமே, அடுக்கிப் பார்க்கவில்லை” என்றோ எழுத வேண்டும். எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்ற அந்தக் கடைசி வரியைக் கொண்டுதான் “முழுமையானது” என்ற சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்று வாங்குபவர் தீர்மானிக்க முடியும்.