ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமா?

கரு கலைந்து வீடு திரும்பும் பெண்ணிடம் அம்மாவும் மாமியாரும் தவறாமல் சொல்வது, "ஆறு மாசம் போகட்டும், உடம்பு தேறட்டும்" என்பதுதான். நீண்ட காலம் மருத்துவர்களும் அதையே சொன்னார்கள். அவளுடைய சினைப்பையோ அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. முதல் மூன்று மாதத்துக்குள் கரு கலைந்திருந்தால், இரண்டே வாரத்தில்கூட அடுத்த கருமுட்டை வெளியே வரலாம். முட்டை வெளிவந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிலக்கு வரும். அப்படியானால், ஒருமுறைகூட விலக்காகாமலே அவள் மறுபடி கர்ப்பமாக முடியும்.

உடல் இவ்வளவு விரைவில் எப்படித் திரும்புகிறது என்பதை ஒரு ஹார்மோனைப் பின்தொடர்ந்தால் புரிந்துகொள்ளலாம். கரு கருப்பையில் ஒட்டியதும், பின்னால் நஞ்சுக்கொடியாக வளரப்போகும் செல்கள் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யும்போது இரண்டாவது கோடு தெரிவது இதனால்தான். முட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் ஒரு சிறு மஞ்சள் திசு உண்டாகியிருக்கும். அது புரோஜெஸ்டிரோனைத் தொடர்ந்து சுரக்கும்படி எச்.சி.ஜி. பார்த்துக்கொள்கிறது. புரோஜெஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் இரத்தத்தில் நிறைந்திருக்கும் வரை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அடங்கியிருக்கும். புதிய முட்டையை வளர்க்கும் சமிக்ஞை அங்கிருந்து வராது.

கரு கலைந்ததும் எச்.சி.ஜி. ஊறும் இடம் இல்லாமல் போகிறது. ஆனால் ஏற்கெனவே இரத்தத்தில் கலந்தது உடனே மறைவதில்லை, மெல்ல மெல்லத்தான் வெளியேறுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டாவது வாரத்தில் கரு கலைந்த ஒரு பெண்ணின் இரத்தத்தில் அன்றைக்கு எச்.சி.ஜி. 6,400 யூனிட் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளைக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைந்தால், எட்டாம் நாள் 400, பதினான்காம் நாள் 50, பதினாறாம் நாள் 25 என்று இறங்கும். வீட்டுப் பரிசோதனை அட்டைகளில் பல 25 யூனிட் அளவில்தான் கோடு காட்டும். இரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று சொல்ல 5 யூனிட்டுக்குக் கீழே வரவேண்டும். இந்தப் பெண்ணுக்கு அது இருபத்திரண்டாம் நாள் வாக்கில் நடக்கும். நிஜத்தில் இறக்கம் இவ்வளவு சீராக இருக்காது. முதலில் வேகமாக விழும், கடைசியில் இழுத்தடிக்கும். தொடக்க அளவு அதிகமாக இருந்தவர்களுக்கு ஐந்தாறு வாரம்கூட ஆகலாம்.

கரு கலைந்து மூன்று வாரம் கழித்து ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். அப்போதும் கோடு தெரிந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருப்பையில் திசு மிச்சமிருக்கலாம், கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம், அபூர்வமாக முத்துப்பிள்ளைக் கர்ப்பமாகவும் இருக்கலாம். கெட்ட வாடையுடன் வெள்ளைப்படுதல், காய்ச்சல், குறையாத வயிற்றுவலி, ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனைந்துபோகும் அளவு உதிரப்போக்கு, மயக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மூன்று வாரம் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

எச்.சி.ஜி. இறங்க இறங்க மஞ்சள் திசு சுருங்குகிறது, புரோஜெஸ்டிரோன் விழுகிறது, பிட்யூட்டரி விழித்துக்கொள்கிறது. சினைப்பையில் ஒரு முட்டை முதிரத் தொடங்குகிறது. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு மாதவிலக்கு வந்துவிடும். இந்த இடைக்காலத்தில் கடையில் விற்கும் முட்டை வெளியேறும் நாளைக் காட்டும் அட்டையை நம்பக் கூடாது. அந்த அட்டை தேடுவது எல்.எச். என்ற ஹார்மோனை. எச்.சி.ஜி.யின் அமைப்பு அதற்கு மிக நெருக்கமானது என்பதால், பழைய கர்ப்பத்தின் மிச்சத்தைப் பார்த்தே அட்டை கோடு காட்டிவிடக்கூடும்.

அப்படியென்றால் ஆறு மாதம் என்ற கெடு எங்கிருந்து வந்தது? உலக சுகாதார நிறுவனம் 2005இல் கூட்டிய நிபுணர் குழு, கருச்சிதைவுக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் இடைவெளி விடச் சொன்னது. அதற்கு ஆதாரமாக இருந்தது லத்தீன் அமெரிக்க மருத்துவமனைகளில் திரட்டிய ஒரு பெரிய ஆய்வு. ஆறு மாதத்துக்குள் கருவுற்றவர்களிடம் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தைகளும் அதிகம் என்று அது கண்டது. ஆனால் தானாகக் கலைந்த கருவையும் கலைக்கப்பட்ட கருவையும் அது பிரித்துப் பார்க்கவில்லை. பாதுகாப்பற்ற முறையில் கலைக்கப்பட்டு, கருப்பையில் கிருமித்தொற்று ஏற்பட்ட பெண்ணின் நிலையும், வீட்டிலேயே தானாகக் கரு கலைந்த பெண்ணின் நிலையும் ஒன்றல்ல.

பிறகு வந்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொன்னன. முதல் கர்ப்பம் கலைந்து மறுபடி கருவுற்ற 30,937 ஸ்காட்லாந்துப் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஆறு மாதத்துக்குள் கருவுற்றவர்களுக்கு மறுபடி கரு கலைவது, ஆறு முதல் பன்னிரண்டு மாதம் இடைவெளி விட்டவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. அமெரிக்காவில் 998 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016இல் வந்தது. மூன்று மாதத்துக்குள் முயற்சியைத் தொடங்கியவர்களில் 53 சதவீதத்தினருக்கு உயிருள்ள குழந்தை பிறந்தது. தாமதித்தவர்களில் அது 36 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு, சீக்கிரம் கருவுற்றால் நல்லது என்று முடிவுகட்டுவதும் சரியல்ல. எளிதில் கருவுறும் உடல்வாகு உள்ளவர்கள்தான் சீக்கிரம் கருவுறுகிறார்கள். அவர்களுடைய கர்ப்பம் நன்றாக நிலைப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இந்த எண்களிலிருந்து உறுதியாக எடுத்துக்கொள்ளக்கூடியது, சிக்கலின்றித் தானாகக் கலைந்த கருவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருப்பதால் தனி நன்மை எதுவும் தெரியவில்லை என்பதுதான். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு இந்தச் செய்தி மிக முக்கியம், ஏனென்றால் அந்த வயதில் ஆறு மாதம் என்பது சின்ன இழப்பல்ல.

ஆகவே இன்று பல மருத்துவர்கள் சொல்வது இவ்வளவுதான்: உதிரப்போக்கு முழுதாக நிற்கும் வரை உடலுறவு வேண்டாம், கிருமி தொற்றலாம். அதன்பின் இருவர் மனமும் தயாராக இருந்தால் முயலலாம். ஒரு மாதவிலக்கு வரட்டும் என்று சிலர் சொல்வது பெரும்பாலும் அடுத்த கர்ப்பத்தின் நாள்கணக்குக்காக. அந்த நாள் தெரியாவிட்டாலும், முதல் மூன்று மாத ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்தே வாரத்தைச் சொல்லிவிட முடியும். இப்போதைக்குக் கர்ப்பம் வேண்டாம் என்று நினைப்பவர்கள், விலக்கு வரட்டும் என்று இராமல் உடனே கருத்தடையைத் தொடங்க வேண்டும்.

முயல நினைப்பவர்கள் ஃபோலிக் அமில மாத்திரையை அந்த வாரமே தொடங்கிவிடலாம். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருவுற்று 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனது தெரிந்து பரிசோதித்து மாத்திரை வாங்குவதற்குள் அந்தக் கட்டம் ஏறக்குறைய முடிந்திருக்கும். தினமும் 400 மைக்ரோகிராம் வழக்கமான அளவு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் மருத்துவர் கூடுதலாகத் தருவார்.

சிலர் கட்டாயம் காத்திருக்க வேண்டும். கருக்குழாயில் தங்கிய கருவுக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டிருந்தால் மூன்று மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். அந்த மருந்து ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பது, அடுத்த கருவையும் பாதிக்கலாம். முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் கருவுக்குப் பதில் நஞ்சுக்கொடித் திசு கொத்துக் கொத்தாக வளர்ந்திருக்கும். அதைச் சுத்தம் செய்த பிறகும் மிச்சமுள்ள செல்கள் பெருகக்கூடும் என்பதால், எச்.சி.ஜி. பூஜ்யத்துக்கு வருகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று மாதக்கணக்கில் பார்க்க வேண்டும். இடையில் புதிய கர்ப்பம் வந்தால் அதே ஹார்மோன் மீண்டும் ஏறும், நோய் திரும்புகிறதா என்பதை அறியும் வழி அடைபட்டுவிடும். இரத்தம் அதிகம் போய்ச் சோகை வந்தவர்கள், தைராய்டோ சர்க்கரையோ கட்டுக்குள் வராதவர்கள் அதைச் சரிசெய்துகொண்டு முயல்வது நல்லது.

ஒருமுறை கலைந்ததற்காகப் பெரிய பரிசோதனைகள் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் எண்ணிக்கை தவறியிருக்கும். பெரும்பாலும் அது அந்த ஒரு முட்டையிலோ விந்தணுவிலோ தற்செயலாக நேர்ந்த பிழை. பப்பாளி தின்றதாலோ பஸ்ஸில் போனதாலோ வந்ததல்ல. இரண்டு அல்லது மூன்று முறை கலைந்தவர்களுக்குத்தான் தைராய்டு, இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் எதிரணுக்கள், கருப்பையின் வடிவம் ஆகியவற்றைத் தேடிப் பார்ப்பார்கள். அதில் உறைதல் எதிரணு தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் தருவது வழக்கம்.